முந்தைய கர்ப்பத்தில் நரம்புக்குழாய்க் குறைபாடு: 5 மி.கி. ஃபோலிக் அமிலத்தை எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது?

கார்குழலி

அனைவருக்கும் வணக்கம். என்னுடைய முதல் கர்ப்பத்தில், பன்னிரண்டாம் வார ஸ்கேனில், குழந்தையின் மண்டையோடு உருவாகவில்லை என்பது தெரியவந்தது. அந்தக் கர்ப்பத்தைத் தொடர இயலவில்லை. கர்ப்பம் உறுதியான பிறகு எழுதிக் கொடுக்கப்பட்ட 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமில மாத்திரையை அப்போது நாள் தவறாமல் எடுத்துவந்தேன்.

இப்போது மீண்டும் கருத்தரிக்க விரும்புகிறோம். மருத்துவர் இம்முறை 5 மி.கி. மாத்திரையைத் தினம் ஒன்று எடுக்கச் சொல்லியிருக்கிறார். கணக்குப் போட்டுப் பார்த்தால் இது பழைய அளவைப்போல் பன்னிரண்டரை மடங்கு. இவ்வளவு தேவையா? இதை எத்தனை நாள் முன்னதாகத் தொடங்க வேண்டும், கர்ப்பம் உறுதியானதும் பழைய அளவுக்குத் திரும்பிவிடலாமா? வீட்டில் மீதமிருக்கும் மல்டிவைட்டமின் மாத்திரையிலும் ஃபோலிக் அமிலம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து எடுப்பது சரியா? அனுபவமும் அறிவும் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பாரிஜாதம்

மனத்தைத் தளரவிடாதே அம்மா. என் மூன்று பிள்ளைகளுக்கும் நான்காம் மாதத்திலிருந்துதான் இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரையைக் கொடுத்தார்கள். இரத்தம் குறையாமல் இருக்க அதுவே போதும் என்றார்கள், போதுமாகவும் இருந்தது. உன் ஹீமோகுளோபின் அளவு எவ்வளவு என்று பார்த்தாயா? அது பத்துக்கு மேல் இருந்தால் இத்தனை பெரிய மாத்திரை எதற்கு என்று மருத்துவரிடம் கேட்டுப் பார்.

கதிர்

பாரிஜாதம் அம்மா சொல்வது இரத்தச்சோகைக்கான மாத்திரை. கார்குழலி கேட்பது, குழந்தையின் மூளையாகவும் தண்டுவடமாகவும் வளரும் நரம்புக்குழாய் சரியாக மூடிக்கொள்வதற்கான மாத்திரை. மருந்து ஒன்றுதான், ஆனால் நோக்கமும் எடுக்க வேண்டிய காலமும் வேறு.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். கருத்தரிக்க நினைக்கும் எல்லாப் பெண்களுக்குமே 5 மி.கி. கொடுத்துவிடலாம். ஃபோலிக் அமிலம் நீரில் கரையும் வைட்டமின் என்பதால் உடலுக்குத் தேவையற்றது சிறுநீரில் போய்விடும். குறைவாகக் கொடுத்து வருந்துவதைவிட அதிகமாகக் கொடுப்பது மேல். இது என் சொந்தக் கற்பனை அன்று. ஃபோலிக் அமிலம் நரம்புக்குழாய்க் குறைபாட்டைத் தடுக்கிறதா என்று பார்த்த 1991 ஆய்வை நடத்திய நிக்கலஸ் வால்ட் பின்னாளில் இதையே வாதிட்டிருக்கிறார்.

மருதம்

நான் மகப்பேறு மருத்துவர். கருவின் குறைபாடுகளைக் கவனிக்கும் பிரிவில் பல ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். கார்குழலி, உங்கள் மருத்துவர் எழுதிக் கொடுத்த அளவு சரியானது. அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் காரணம் புரிந்தால் உங்கள் மற்றக் கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடும்.

கதிர் குறிப்பிட்ட ஆய்வு 7 நாடுகளில் 33 மையங்களில் நடந்தது. அதில் சேர்ந்தவர்கள் எல்லாரும் உங்களைப்போல ஒருமுறை நரம்புக்குழாய்க் குறைபாட்டால் பாதிக்கப்பட்ட கர்ப்பத்தைக் கண்டவர்கள். ஒரு பகுதியினருக்குத் தினம் 4 மி.கி. ஃபோலிக் அமிலம் தரப்பட்டது, மற்றவர்களுக்குத் தரப்படவில்லை. ஃபோலிக் அமிலம் எடுத்தவர்களின் 593 கர்ப்பங்களில் 6-இல் குறைபாடு திரும்பியது. எடுக்காதவர்களின் 602 கர்ப்பங்களில் அது 21-இல் திரும்பியது. வேறுபாடு இவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வைத் திட்டமிட்டதற்கு முன்பே நிறுத்திவிட்டார்கள். மாத்திரை பல நாடுகளில் 5 மி.கி. அளவில் கிடைப்பதால், ஆய்வில் 4 ஆக இருந்தது நடைமுறையில் 5 ஆகிவிட்டது. 4 மி.கி. என்றே எழுதும் நாடுகளும் உள்ளன. இரண்டுக்கும் இடையே நீங்கள் கவலைப்பட வேண்டிய வேறுபாடு ஏதும் இல்லை.

இனி, எப்போது தொடங்குவது என்பதைப் பார்ப்போம். முக்கியமான செய்தி இதில்தான் இருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டாக, உங்கள் மாதவிடாய் மார்ச் 1 அன்று தொடங்கியதாகவும், சுழற்சி 28 நாட்கள் என்றும் வைத்துக்கொள்வோம். கருத்தரிப்பு மார்ச் 15 வாக்கில் நிகழும். அடுத்த மாதவிடாய் வர வேண்டிய நாள் மார்ச் 29. அது தள்ளிப்போய், நீங்கள் சில நாள் பொறுத்துப் பரிசோதித்து, ஏப்ரல் முதல் வாரத்தில் கர்ப்பம் என்று அறிகிறீர்கள். மருத்துவரைப் பார்க்க ஏப்ரல் நடுப்பகுதி ஆகிவிடுகிறது. ஆனால் கருவின் நரம்புக்குழாய், கருத்தரித்த 28 நாட்களுக்குள், அதாவது ஏப்ரல் 12 வாக்கிலேயே மூடி முடிந்திருக்கும். தலைப்பக்கத் திறப்பு அதற்கும் ஓரிரு நாள் முன்னதாகவே மூடிவிடும். அது மூடாமல் போனால்தான் மண்டையோடு உருவாவதில்லை. ஆகவே முதல் மருத்துவச் சந்திப்பில் எழுதிக் கொடுக்கப்படும் மாத்திரை, அது எந்த அளவாக இருந்தாலும், பெரும்பாலும் காலம் கடந்தே வந்து சேர்கிறது. சென்றமுறை உங்களுக்கு நேர்ந்தது இதுவாக இருந்திருக்கலாம். முன்பே எடுத்திருந்தாலும் நேர்ந்திருக்கலாம். இரண்டில் எது என்று யாராலும் சொல்ல முடியாது, நீங்கள் உங்களைக் குறைசொல்லிக்கொள்ளவும் இதில் ஒன்றுமில்லை.

மாத்திரையை விழுங்கிய அன்றே உடலில் தேவையான அளவு சேர்ந்துவிடுவதில்லை. இரத்தச் சிவப்பணுக்களில் இந்த வைட்டமின், அதாவது ஃபோலேட், படிப்படியாகத்தான் உயர்கிறது, ஏனென்றால் பழைய அணுக்கள் போய்ப் புதியவை உருவாக வேண்டும். அதனால் குறைந்தது ஒரு மாதம் என்பது பெரும்பாலான வழிகாட்டல்கள் ஒப்புக்கொள்ளும் அடித்தளம். என்னிடம் வருபவர்களிடம் மூன்று மாதம் என்று சொல்கிறேன். கருத்தடையை நிறுத்தும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொள்ளுங்கள். கருத்தரிக்க ஆறு மாதம் ஆனாலும் மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு மாதவிடாயும் வந்தபின் சோர்ந்துபோய் நிறுத்திவிட்டு, பரிசோதனையில் கர்ப்பம் என்று தெரிந்ததும் மீண்டும் தொடங்குபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அந்த இடைவெளி சரியாக வேண்டாத இடத்தில் வந்து விழுகிறது.

கர்ப்பம் உறுதியானதும் அளவைக் குறைக்கக் கூடாது. பன்னிரண்டு வாரம் முடியும்வரை 5 மி.கி. தொடர வேண்டும். அதன்பின் உயர் அளவுக்கு வேலை இல்லை. மருத்துவர் சொன்னால் வழக்கமான கர்ப்பகால மாத்திரையில் உள்ள அளவோடு தொடரலாம்.

மல்டிவைட்டமின் பற்றி: 5 மி.கி. மாத்திரையோடு தினம் ஒரு மல்டிவைட்டமின் எடுத்தால் கூடுதலாகச் சேர்வது 400 மைக்ரோகிராம் மட்டுமே, அதனால் தீங்கில்லை. ஆனால் உயர் அளவை எட்டுவதற்காக மல்டிவைட்டமினைப் பத்துப் பன்னிரண்டாக விழுங்குவதை ஒருபோதும் செய்யாதீர்கள். அவற்றில் ரெட்டினால் வடிவ வைட்டமின் ஏ இருந்தால், அதன் மிகுதியே கருவுக்குக் குறைபாட்டை உண்டாக்கக்கூடியது. கையில் இருப்பது கர்ப்பகாலத்துக்கென்றே தயாரிக்கப்பட்டதுதானா என்பதையும் பாருங்கள்.

கதிர், உங்களுக்குத் தனியாக எழுதுகிறேன்.

தென்றல்

ஒரு செய்தியைச் சேர்க்க விரும்புகிறேன். எம்.டி.எச்.எஃப்.ஆர். என்ற மரபணுவில் மாற்றம் உள்ளவர்களின் உடல், ஃபோலிக் அமிலத்தைப் பயன்படுத்தத்தக்க வடிவமாக மாற்றுவதில் திணறுகிறது. எனக்கு அந்த மாற்றம் இருப்பது பரிசோதனையில் தெரிந்தது. எனவே மாத்திரையை விட்டுவிட்டு மெத்தில்ஃபோலேட் எடுக்கிறேன். கார்குழலியும் முதலில் அந்தப் பரிசோதனையைச் செய்துகொண்டு பிறகு முடிவு செய்வது நல்லது. மாற்றம் இருந்தால் 5 மி.கி. எடுத்தும் பயன் இராது.

மருதம்

தென்றல், அந்த மரபணு மாற்றம் பற்றி நீங்கள் சொன்னது ஓரளவு உண்மை, கடைசி வரி உண்மையன்று. அந்த மாற்றம் இருகுரோமோசோம்களிலும் உள்ளவர்களுக்கு நரம்புக்குழாய்க் குறைபாட்டின் வாய்ப்பு ஓரளவு கூடுதல். ஒரே அளவு மாத்திரை எடுத்தாலும் அவர்களின் இரத்த ஃபோலேட் மற்றவர்களைவிடச் சற்றுக் குறைவாகவே உயர்கிறது. ஆனால் உயர்கிறது, பயன் தருகிறது. நரம்புக்குழாய்க் குறைபாட்டைத் தடுக்கும் என்று ஆய்வுகளில் மெய்ப்பிக்கப்பட்டது ஃபோலிக் அமிலம் மட்டுமே. அந்த ஆய்வுகளில் பங்கேற்ற பெண்களிலும் இந்த மாற்றம் உள்ளவர்கள் இருந்திருப்பார்கள். மெத்தில்ஃபோலேட் இரத்த ஃபோலேட்டை உயர்த்துகிறது, அதில் ஐயமில்லை. குறைபாட்டைக் குறைக்கிறதா என்பதை நேரடியாகச் சோதித்த பெரிய ஆய்வு இல்லை. ஒருமுறை இழப்பைச் சந்தித்தவருக்கு, மெய்ப்பிக்கப்பட்டதை விட்டுவிட்டு எதிர்பார்க்கப்படுவதைக் கொடுக்க எனக்கு மனம் வராது. மரபணுப் பரிசோதனையின் முடிவுக்காக ஒரு மாதத்தை இழப்பதும் தேவையற்றது. முடிவு எதுவாக இருந்தாலும் கார்குழலிக்கான அளவு மாறப்போவதில்லை.

கதிர், 400 மைக்ரோகிராம் போதுமா என்பதற்கு வருகிறேன். 1999-இல் வெளியான சீன ஆய்வில் தரப்பட்டது 400 மைக்ரோகிராம் மட்டுமே. கருத்தரிப்புக்கு முன்பே தொடங்கி ஒழுங்காக எடுத்தவர்களில், குறைபாடு மிகுதியாக இருந்த வட பகுதியில் ஐந்தில் நான்கு பங்கு குறைந்தது. குறைபாடு ஏற்கெனவே குறைவாக இருந்த தென் பகுதியில் ஐந்தில் இரண்டு பங்கு குறைந்தது. முன் பாதிப்பு இல்லாத ஒரு பெண்ணுக்கு இந்த அளவே போதும் என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டுமென்று நான் நினைக்கவில்லை. வால்ட் அவ்வாறு வாதிட்டது உண்மை. அவருடைய கணக்கு, அளவு கூடக் கூட இரத்த ஃபோலேட் கூடுவதையும், அது கூடக் கூடக் குறைபாடு குறைவதையும் இணைத்துச் செய்த மதிப்பீடு. 5 மி.கி.யையும் 400 மைக்ரோகிராமையும் நேருக்கு நேர் வைத்துச் செய்த ஆய்வின் முடிவு அன்று.

மிகுதியானது சிறுநீரில் போய்விடும் என்பதும் பாதியளவே சரி. ஃபோலிக் அமிலம் நஞ்சாவதில்லை. ஆனால் பி12 குறைபாடு உள்ளவருக்கு உயர் அளவு ஃபோலிக் அமிலம் கொடுத்தால், இரத்தச்சோகை சரியாகிவிட்டதுபோல் தோன்றும். நரம்புகளில் நிகழும் சேதம் மட்டும் உள்ளுக்குள் தொடரும். இரத்தப் பரிசோதனை நன்றாக இருக்கிறதே என்று எல்லாரும் ஆறுதல் அடைந்திருக்கையில், உள்ளங்கால் மரத்துப்போவதும் ஊசி குத்துவதுபோன்ற உணர்வும்தான் முதல் அடையாளமாக இருக்கும். மருத்துவ மேற்பார்வை இல்லாமல் நாளொன்றுக்கு 1 மி.கி.க்கு மேல் வேண்டாம் என்ற வரம்பு இதன் பொருட்டே வைக்கப்பட்டது.

நெய்தல்

என் நிலையையும் கேட்கலாமா? எனக்கு வலிப்பு நோய் உண்டு. சோடியம் வால்ப்ரோயேட் எடுத்துவருகிறேன். அடுத்த ஆண்டு குழந்தை பெற்றுக்கொள்ள விரும்புகிறோம். வலிப்பு மருந்து எடுப்பவர்களுக்கு 5 மி.கி. என்று படித்து, நானே வாங்கி எடுக்கத் தொடங்கிவிட்டேன். இது மருந்தின் பாதிப்பிலிருந்து குழந்தையைக் காத்துவிடும் என்று நம்பியிருக்கலாமா?

மருதம்

நெய்தல், நம்பியிருக்க வேண்டாம், ஆனால் அஞ்சி வலிப்பு மருந்தை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். திடீரென நிறுத்தினால் வரும் வலிப்பு உங்கள் உயிருக்கே ஆபத்தாகலாம்.

வால்ப்ரோயேட் எடுக்கும் தாய்மாரின் குழந்தைகளில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குப் பெரிய பிறவிக் குறைபாடு ஏதேனும் காணப்படுகிறது. அளவு கூடினால் வாய்ப்பும் கூடும். பின்னாளில் கற்றலிலும் பேச்சிலும் பாதிப்பு வருவதுண்டு. ஃபோலிக் அமிலம் இதை ஈடுகட்டுகிறது என்பதற்குத் தெளிவான சான்று கிடையாது. எனவே உங்கள் முதல் வேலை மாத்திரைக் கடைக்குப் போவதன்று. கருத்தடையைத் தொடர்ந்துகொண்டே, நரம்பியல் மருத்துவரிடம் கருத்தரிக்க விரும்புவதைச் சொல்லி, வேறு மருந்துக்கு மாற முடியுமா என்று கேட்பதுதான். மாறி, வலிப்பு கட்டுக்குள் இருப்பதை உறுதிசெய்ய மாதங்கள் ஆகும். அடுத்த ஆண்டு என்கிறீர்கள், இப்போதே தொடங்கினால் காலம் இருக்கிறது.

ஃபோலிக் அமிலத்தின் அளவைப் பொறுத்தவரை, வலிப்பு மருந்து எடுப்பவர்களுக்கு எவ்வளவு என்பதில் மருத்துவர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. பல நாடுகளில் 5 மி.கி. வழக்கம். 2022-இல் டென்மார்க், நார்வே, ஸ்வீடன் நாடுகளின் பதிவேடுகளைக் கொண்டு செய்த ஓர் ஆய்வு, வலிப்பு உள்ள தாய்மார் கர்ப்பத்தில் உயர் அளவு ஃபோலிக் அமிலம் எடுத்ததற்கும் குழந்தைப் பருவப் புற்றுநோய்க்கும் தொடர்பு தெரிவதாகச் சொன்னது. தொடர்பு என்பது காரணம் ஆகிவிடாது, எண்ணிக்கையும் சிறியது. ஆயினும் அதன்பின் சில நரம்பியல் மருத்துவர்கள் தாழ்ந்த அளவையே விரும்புகிறார்கள். உங்களுக்கு எது என்று இங்கே சொல்வது முறையாகாது. அந்தச் சந்திப்பிலேயே கேளுங்கள்.

நெய்தல்

நன்றி டாக்டர். மாத்திரை எடுப்பதால் ஒரு பாதுகாப்பு வந்துவிட்டது என்று எண்ணி மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட்டிருந்தேன். இந்த வாரமே நேரம் கேட்கிறேன்.

கார்குழலி

மருதம் டாக்டர், நீங்கள் எழுதியதை என் கணவரும் நானும் சேர்ந்து படித்தோம். பி12 பற்றிப் படித்தபோது ஓர் ஐயம் வந்தது. நான் பிறந்ததிலிருந்து அசைவம் உண்டதில்லை. சினைப்பை நீர்க்கட்டிக்காக இரண்டு ஆண்டுகளாக மெட்ஃபார்மினும் எடுக்கிறேன். கால் மரத்துப்போவது போன்ற தொல்லை ஏதும் இல்லை. 5 மி.கி.யைத் தொடங்கும் முன் நான் வேறு ஏதேனும் பார்க்க வேண்டுமா? என் கணவரும் மாத்திரை எடுக்க வேண்டுமா?

மருதம்

இதைச் சொன்னது நல்லதாயிற்று. அசைவம் உண்ணாதவர்களுக்கும், நெடுநாள் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கும் பி12 குறைவாக இருக்க வாய்ப்பு உண்டு. உங்களிடம் இரண்டுமே சேர்ந்திருக்கின்றன. பி12 அளவுக்கு ஓர் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். குறைவாக இருந்தால் அதற்கு ஊசியோ மாத்திரையோ சேர்த்துக் கொடுப்பார்கள். ஃபோலிக் அமிலத்தைக் கைவிட வேண்டி வராது. இரத்தம் கொடுத்துவிட்டு அன்றே ஃபோலிக் அமிலத்தைத் தொடங்கலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், முடிவுக்காக வாரக்கணக்கில் காத்திருக்க நான் சொல்வதில்லை. மெட்ஃபார்மினைத் தொடர்வதா என்பதையும் அவரே முடிவு செய்யட்டும். பரிசோதனையில் இதுவரை பார்க்காத நீரிழிவு இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள், அதுவும் தனியாகவே உயர் அளவுக்கு ஒரு காரணம்.

உங்கள் கணவர் மாத்திரை எடுக்கத் தேவையில்லை. ஆனால் அவருக்கோ அவர் குடும்பத்திலோ தண்டுவடக் குறைபாட்டோடு பிறந்தவர் இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். தந்தையின் பக்கத்தைக் கேட்க மறந்துவிடுவது எங்கள் துறையில் அடிக்கடி நடக்கிறது.

செந்தாழை

நான் மருந்தகத்தில் பணிபுரியும் மருந்தாளுநர். ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. இரண்டு அளவு மாத்திரைகளும் சிறியவை, மஞ்சள் நிறத்தவை, பெட்டியில் எழுத்தும் ஒன்றுபோல் இருக்கும். 400 மைக்ரோகிராமைச் சில பெட்டிகளில் 0.4 மி.கி. என்று அச்சிட்டிருப்பார்கள். 0.4-ஐயும் 4-ஐயும் ஒன்றாகப் படித்துவிட்டு, உயர் அளவு எடுப்பதாக எண்ணிக்கொண்டே மாதக்கணக்கில் பத்தில் ஒரு பங்கை எடுத்தவரைப் பார்த்திருக்கிறேன். பெட்டியை வாங்கியவுடன் கடையிலேயே எண்ணையும் அலகையும் சேர்த்து வாய்விட்டுப் படியுங்கள். சில வெளிநாட்டு மல்டிவைட்டமின்களில் உணவு ஃபோலேட் சமானம் என்ற கணக்கில் 680 என்று போட்டிருக்கும். அதில் ஃபோலிக் அமிலம் 400 மைக்ரோகிராம்தான்.

கதிர்

மருதம் டாக்டர், பி12 செய்தியை ஏற்கிறேன், எல்லாருக்கும் 5 மி.கி. என்று நான் சொன்னதை இனிச் சொல்லமாட்டேன். ஆனால் உடல் எடை மிகுந்தவர்களின் நிலை எனக்கு இன்னும் தெளிவாகவில்லை. உடல் நிறைக் குறியீடு 30 அல்லது அதற்கு மேல் இருந்தால் 5 மி.கி. என்று பிரிட்டன் மகப்பேறு மருத்துவர்களின் 2018 வழிகாட்டலில் படித்தேன். அமெரிக்க வழிகாட்டலில் அப்படி இல்லை. இரண்டும் ஒரே சான்றுகளைப் பார்த்துத்தானே எழுதப்பட்டிருக்க வேண்டும்?

மருதம்

ஒரே சான்றுகளைத்தான் பார்த்தார்கள், முடிவுதான் வேறு. எடை மிகுந்தவர்களுக்குக் குறைபாட்டின் வாய்ப்பு கூடுதல் என்பதும், ஒரே மாத்திரைக்கு அவர்களின் இரத்த ஃபோலேட் குறைவாக உயர்கிறது என்பதும் தெரிந்தவை. அளவைக் கூட்டினால் குறைபாடு குறையுமா என்பதை யாரும் நேரடியாகக் காட்டவில்லை. முதல் இரண்டையும் போதுமென்று எடுத்துக்கொண்டவர்கள் கூட்டினார்கள், மூன்றாவதற்குக் காத்திருப்பவர்கள் கூட்டவில்லை. எடை மட்டுமே காரணமாக இருந்தால் நான் பெண்ணோடு பேசி, நீரிழிவையும் பி12-ஐயும் பார்த்தபின் முடிவு செய்கிறேன். என் சக மருத்துவர்கள் சிலர் யோசிக்காமலேயே 5 எழுதுகிறார்கள். அவர்கள் தவறு செய்கிறார்கள் என்று சொல்ல என்னிடம் சான்று இல்லை. சிறுகுடல் உறிஞ்சாக் கோளாறு, அரிவாளணு இரத்தச்சோகை ஆகியவற்றில் உயர் அளவு கொடுப்பதில் இத்தகைய தயக்கம் எனக்கில்லை.

கார்குழலி

பி12 பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்துவிட்டேன். மருத்துவர் அன்றே 5 மி.கி.யைத் தொடங்கச் சொன்னார். மூன்று மாதம் கழித்துத்தான் கருத்தடையை நிறுத்தப்போகிறோம். கடைசியாக ஒன்று. பன்னிரண்டு வாரம் என்பதை எந்த நாளிலிருந்து எண்ணுவது? கருத்தரித்த நாளிலிருந்தா?

மருதம்

கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து. நான் முன்பு சொன்ன எடுத்துக்காட்டில் மார்ச் 1-இலிருந்து 84 நாட்கள், அதாவது மே 24. சுழற்சி ஒழுங்கற்றதாக இருந்தால், உங்களுக்கு நீர்க்கட்டி இருப்பதால் அது நடக்கக்கூடியதே, முதல் ஸ்கேன் சொல்லும் நாட்கணக்கையே பின்பற்றுங்கள். அது சில நாள் தள்ளினால் மாத்திரையையும் அதற்கேற்பத் தொடருங்கள்.

மாத்திரை வாய்ப்பைக் குறைக்கும், இல்லாமல் ஆக்காது. அந்த 593-இல் 6 பேர் ஒழுங்காக எடுத்தவர்களாகவும் இருந்திருக்கலாம். ஆகையால் பதினொன்றிலிருந்து பதினான்காம் வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் மண்டையோட்டையும், பதினெட்டிலிருந்து இருபதாம் வாரத்தில் முதுகுத்தண்டையும் தனியே பார்க்கும்படி, முந்தைய கர்ப்பத்தின் அறிக்கையைக் கையில் கொண்டுபோய்க் கேளுங்கள்.